ஒருவழிப் பேச்சு

இணையத்தின் வழியாகப் பேசும் தொலைபேசிக்கு ஒரு விந்தையான நோய் உண்டு. மணி அடிக்கிறது; எதிர்முனையில் எடுக்கிறார்கள்; பேச்சு தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாகத் திரையில் வினாடிகள் ஓடுகின்றன. ஆயினும் ஒருவர் பேசுவது மட்டுமே மற்றவருக்குக் கேட்கிறது. மறுபுறத்திலிருந்து வரவேண்டிய குரல் வருவதில்லை. உடனே ஒலிவாங்கியைக் குறை கூறுகிறோம். காதில் மாட்டும் கருவியைக் கழற்றி மாட்டுகிறோம். செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறோம். இவற்றால் பயன் விளைவது அரிது. ஏனெனில் இந்நோய் பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை, முகவரியில் இருக்கிறது.

நம் விடுதி நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொள்வோம். விடுதியின் கீழ்த்தளத்தில் கைப்பேசிக்கு அலை சரிவர எட்டுவதில்லை. ஆனால் வை-ஃபை நன்றாகக் கிடைக்கிறது. ஆகவே மாணவர் சிலர் சேர்ந்து, வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் ஆஸ்டிரிஸ்க் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, ஒரு சிறு தொலைபேசி நிலையம் நடத்தி வருகிறார்கள். நண்பரின் கைப்பேசியிலும், ஊரில் அவர் தாயாரின் கைப்பேசியிலும் அந்நிலையத்தோடு பேசும் செயலி இருக்கிறது. ஒருநாள் மாலை நண்பர் அழைத்தார். "அம்மா, கேட்கிறதா? அம்மா!" என்று நாலைந்து முறை கூவினார். "நன்றாகக் கேட்கிறதடா, சொல்லு" என்று அம்மா ஒவ்வொரு முறையும் பதில் கூறியது இவருக்கு எட்டவே இல்லை. பாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருக்கும் செய்தியை அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதிரில் யாருமில்லை என்று எண்ணி இவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். செய்தி அவருக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

மகனுடைய குரல் ஊருக்குப் போயிற்று. தாயின் குரல் விடுதிக்கு வரவில்லை. ஏன் இப்படி? இதை அறிய, இத்தகைய அழைப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும்.

இணையத் தொலைபேசியில் அழைப்பது ஒன்று, பேசுவது வேறொன்று. "இன்னாரை அழைக்கிறேன்", "மணி அடிக்கிறது", "எடுத்துவிட்டார்", "வைத்துவிட்டார்" என்னும் செய்திகளைக் கொண்டுசெல்வது எஸ்.ஐ.பி. என்னும் முறை. சுருக்கமாகச் 'சிப்' என்கிறோம். இது 1999-ல் ஆர்.எஃப்.சி. 2543 என்ற ஆவணமாக வெளிவந்து, 2002-ல் ஆர்.எஃப்.சி. 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. ஆனால் சிப் குரலைச் சுமப்பதில்லை. குரலைச் சுமப்பது ஆர்.டி.பி. என்னும் மற்றொரு முறை. நாம் பேசுவதை அது 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. சிப் செய்திகள் ஒரு போர்ட்டில் போகும். குரல் வேறொரு போர்ட்டில் போகும். இந்தக் குரலை எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றன. எங்கே சொல்கின்றன? சிப் செய்தியின் உள்ளே, எஸ்.டி.பி. என்னும் சில வரிகளில். நம் நண்பரின் செயலி அனுப்பிய வரிகளில் முக்கியமானவை இவை:

```
c=IN IP4 10.12.4.23
m=audio 4000 RTP/AVP 8
```

"எனக்குரிய குரலை 10.12.4.23 என்னும் முகவரியில் 4000-ஆம் போர்ட்டுக்கு அனுப்புக" என்பது இதன் பொருள். கடைசியில் உள்ள 8 என்பது குரலை எண்ணாக மாற்றும் முறையின் குறி. அதைப்பற்றி இப்போது கவலை வேண்டாம். 10.12.4.23 என்னும் முகவரியைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும்.

10 என்று தொடங்கும் முகவரிகளும், 192.168 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் உள்முகவரிகள். 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 இவற்றை யார் வேண்டுமானாலும் தம் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டது. ஆகவே உலகில் எத்தனையோ ஆயிரம் கட்டடங்களில் 10.12.4.23 இருக்கலாம். இணையத்தின் பெருவழியில் இந்த எண்ணைச் சொன்னால் எந்த வழிகாட்டிக்கும் விளங்காது.

அப்படியானால் விடுதியிலிருந்து நாம் எதையுமே பார்க்க முடியாதே என்று கேட்கலாம். அங்கேதான் நாட் என்னும் ஏற்பாடு வருகிறது. இதனை ஒரு கடிதப் போக்குவரத்தாக எண்ணிப் பாருங்கள். விடுதியில் நூறு அறைகள். வெளியுலகத்துக்குத் தெரிந்ததோ விடுதியின் ஒரே முகவரி. அறை 23-லிருந்து ஒரு கடிதம் புறப்படுகிறது. வாயிலில் அமர்ந்திருக்கும் எழுத்தர், உறையின்மேல் 'அனுப்புநர்: அறை 23' என்று இருப்பதை அடித்துவிட்டு, விடுதியின் முகவரியையும் தாம் கொடுத்த ஒரு வில்லை எண்ணையும் எழுதுகிறார். தம் குறிப்பேட்டில், 'இந்த வில்லைக்குப் பதில் வந்தால் அறை 23-க்குக் கொடு' என்றும் குறித்துக்கொள்கிறார். பதில் வருகிறது, குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். இந்த எழுத்தர்தான் நம் ரூட்டர். வில்லை எண்தான் போர்ட். 1994-ல் ஆர்.எஃப்.சி. 1631-ல் இம்முறை விவரிக்கப்பட்டது. முகவரிப் பஞ்சத்தை இது பெருமளவு தணித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நம் எழுத்தர் நாகரிகமானவர். உறையின்மேல்தான் எழுதுவார், உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படிக்கமாட்டார். ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கும் கடிதத்தில் உள்ளே முகவரி ஏதும் இல்லாததால் அதற்கு இடையூறு இல்லை. சிப் கடிதத்திலோ, உள்ளே, 'எனக்குப் பதிலை அறை 23-க்கு அனுப்புக' என்று எழுதியிருக்கிறது. உறை ஒன்று சொல்கிறது. கடிதம் வேறொன்று சொல்கிறது. பெறுபவர் கடிதத்தை நம்பினால் பதில் எங்கும் போய்ச் சேராது. நோயின் மூலம் இதுதான்.

இனி நண்பரின் அழைப்பைப் படிப்படியாகத் தொடர்வோம். விடுதியின் பொது முகவரி 198.51.100.7 என்றும், வாடகைக் கணினியின் முகவரி 203.0.113.10 என்றும் கொள்க. (இவை நூல்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள், உண்மையானவற்றை அச்சில் ஏற்றுவது நன்றன்று.) இந்தக் கணினியைத்தான் சர்வர் என்கிறோம். சர்வர் என்றதும் மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வருபவரை நினைப்பவர்கள், அந்த நினைவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இதுவும் ஒருவரிடம் வாங்கி மற்றவருக்குப் பரிமாறுவதுதான்.

நண்பர் அழைத்ததும் சர்வர் தன் முகவரியைச் செயலிக்குச் சொல்கிறது. அது பொது முகவரியாதலால், மகனின் குரல் 10.12.4.23-ன் 4000-ஆம் போர்ட்டிலிருந்து புறப்பட்டு, ரூட்டரில் 198.51.100.7-ன் 31544-ஆம் போர்ட் என்று உறை மாறி, தடையின்றிச் சர்வரை அடைகிறது. சர்வர் அதைத் தாயாரிடம் சேர்க்கிறது. தாயாரின் குரலும் சர்வருக்கு வந்துவிடுகிறது. ஏனெனில் அவர் கணக்குக்கு உரிய அமைப்பு முன்பே சரியாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் குரலைச் சர்வர் மகனுக்கு அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது? கடிதத்தைப் பார்க்கிறது: 10.12.4.23, போர்ட் 4000. அப்படியே அனுப்புகிறது. வினாடிக்கு 50 பொட்டலங்கள் வீதம் தாயின் சொற்கள் அத்தனையும் சர்வரின் வாசலைத் தாண்டியதும் மறைந்துபோகின்றன. போன பொட்டலம் போகாத ஊருக்குப் போயிற்று என்று திரும்பிவந்து சொல்வாரும் பெரும்பாலும் இல்லை.

இது ஊகமன்று, கண்ணால் காணக்கூடியது. ஆஸ்டிரிஸ்க்கின் கட்டளைத் திரையில் `rtp set debug on` என்று தட்டிவிட்டு ஓர் அழைப்பைச் செய்தால், வரும் பொட்டலமும் போகும் பொட்டலமும் வரிவரியாகத் தெரியும். நண்பரின் அழைப்பில், அவர் பக்கத்துக்கு உரிய வரிகளின் முற்பகுதி இவ்வாறு இருந்தது:

```
Got  RTP packet from    198.51.100.7:31544
Sent RTP packet to      10.12.4.23:4000
```

வருவது ஓரிடத்திலிருந்து, போவது வேறோரிடத்துக்கு. இவ்விரு வரிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே ஒருவழிப் பேச்சு என்ற புகார் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான். `Got` வரியே இல்லையென்றால் குரல் சர்வருக்கு வரவே இல்லை. குற்றம் அனுப்பும் பக்கத்தில், அல்லது இடையிலுள்ள தடுப்பில். `Got` இருந்து, `Sent` வரியில் உள்முகவரி இருந்தால் நாம் மேலே கண்ட நோய். இரண்டும் ஒரே பொது முகவரியைக் காட்டியும் கேட்கவில்லையென்றால், அப்போது ஒலிவாங்கியையும் காதுக்கருவியையும் சந்தேகிக்கலாம்.

சர்வரைத் தொட முடியாதவர்க்கும் ஓர் அடையாளம் உண்டு. நண்பரின் கணக்கில், மறுமுனையில் வைத்த பிறகும் இவர் திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 'வைத்துவிட்டார்' என்னும் சிப் செய்தியும் கடிதத்தின் உள்ளே எழுதிய முகவரிக்கே போய்த் தொலைந்ததுதான் காரணம். அந்தக் கணக்குக்கு ஊரிலிருந்து அழைத்தால் மணியும் அடிக்காது. இவை மூன்றும் ஒரே வேரின் கிளைகள். (சில செயலிகள் தம் வெளிமுகவரியைத் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளும். நண்பருடைய செயலியில் அந்த வசதி அணைந்திருந்தது.)

நிற்க. மருந்து யாது? கடிதத்தை நம்பாதே, உறையை நம்பு என்று சர்வருக்குச் சொல்லிக்கொடுப்பதே மருந்து. ஆஸ்டிரிஸ்க்கில் `pjsip.conf` என்னும் கோப்பில், அந்தத் தொலைபேசிக்குரிய பகுதியில் நான்கு வரிகள் வேண்டும்:

```
rtp_symmetric=yes
force_rport=yes
rewrite_contact=yes
direct_media=no
```

முதல் வரிதான் குரலுக்கு உயிர். எந்த முகவரியிலிருந்து குரல் வருகிறதோ, அந்த முகவரிக்கே குரலைத் திருப்பி அனுப்பு என்கிறது. இவ்வரியை எழுதாவிட்டால் இல்லை என்றே பொருள். புதிதாகச் சேர்த்த நண்பரின் கணக்கில் இது விடுபட்டிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சிப் செய்திகளுக்கு இதே பாடத்தைச் சொல்கின்றன. மணி அடிப்பதும், வைத்ததும் துண்டிப்பதும் இவற்றால் நேராகின்றன.

நான்காவது வரிக்குச் சற்று விளக்கம் தேவை. ஆஸ்டிரிஸ்க் வாய்ப்புக் கிடைத்தால், "நீங்கள் இருவரும் நேராகவே பேசிக்கொள்ளுங்கள்" என்று இரு தொலைபேசிகளையும் கோத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ள முயலும். சிக்கனமான குணந்தான். ஆனால் இருவருமே தனித்தனி நாட்களுக்குப் பின்னால் இருக்கும்போது, ஒருவர் கதவை மற்றவர் தட்ட முடியாது. சில வினாடி நன்றாகப் பேசிவிட்டுப் பிறகு குரல் அறுந்துபோவதற்கு இது ஒரு காரணம். ஆகவே சர்வர் நடுவிலேயே நிற்கட்டும் என்கிறது இவ்வரி. இதற்கு விலை உண்டு. ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். வினாடிக்கு 50 என்றால் ஒரு திசைக்கு 80 கிலோபிட். பத்து அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தால் சர்வருக்கு உள்ளே வருவது 1.6 மெகாபிட், வெளியே போவதும் அவ்வளவே. வாடகைக் கணினிக்கு இது ஒரு பொருட்டன்று.

கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்றிய பின் அதே சோதனையைச் செய்தால், `Sent` வரியிலும் 198.51.100.7:31544 என்று வரவேண்டும். வந்தது. ரூட்டரின் குறிப்பேட்டில் அந்த வில்லைக்குரிய பதிவு உயிரோடு இருப்பதால், தாயின் குரல் மகனின் குரல் போன தடத்திலேயே திரும்பி வந்து சேர்ந்தது.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. நாட்டுக்குப் பின்னால் இருப்பவர் முதலில் ஒரு பொட்டலமாவது அனுப்பினால்தான், எங்கே திருப்பி அனுப்புவது என்று சர்வருக்குத் தெரியும். சில செயலிகளில், பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு வாய்மூடிக் கேட்பவருக்கு ஒன்றும் கேட்காது. அவர் 'ஹலோ' என்று சொன்னவுடன் குரல் வந்துவிடும். இப்படி ஒரு விந்தை நேர்ந்தால் அந்த மிச்சத்தை அணைத்துவிடுவதே நலம். மற்றொன்று: வந்த முகவரிக்கே திருப்பி அனுப்புவது என்றால், பிறர் ஒருவர் போலிப் பொட்டலங்களை எறிந்து உரையாடலைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ள முடியாதா? முடியும். 2017-ல் இக்குறை பரவலாக எடுத்துக்காட்டப்பட்டது. ஆஸ்டிரிஸ்க்கும் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஆகவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இவ்வரியை எழுதக் கூடாது; `rtp.conf` கோப்பில் `strictrtp` என்பதையும் அணைக்கக் கூடாது.

இதுவரை சர்வர் வெளியில், தொலைபேசி உள்ளே. இதற்கு மாறாகச் சர்வரே உள்ளே இருந்தால்? துறை ஆய்வுக்கூடத்தின் மூலையில் சும்மா கிடக்கும் கணினியில் ஆஸ்டிரிஸ்க்கை நிறுவுபவர்க்கு இந்நிலை வரும். அப்போது பொய் முகவரியை எழுதுவது சர்வர். வெளியிலிருந்து பேசுபவரின் குரல் சர்வருக்கு எட்டாது. வெளியிலிருப்பவரும் நாட்டுக்குப் பின்னால் இருந்தால், இரு பக்கமும் ஊமையாகிவிடும். இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு: அழைப்பு சரியாக 32 வினாடியில் தானாகவே அறுந்துபோகும். அழைப்பை ஏற்றுக்கொண்டேன் என்று சர்வர் சொன்னதற்கு அழைத்தவர் ஒப்புகை அனுப்ப வேண்டும். அந்த ஒப்புகை சர்வர் சொன்ன உள்முகவரிக்குப் போய் மறைந்துவிடுகிறது. சிப் விதிப்படி அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி காத்திருந்துவிட்டுச் சர்வர் கைவிடுகிறது. கடிகாரம் பார்த்தாற்போல் 32 வினாடியில் துண்டிப்பு நேர்ந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். சர்வருக்குத் தன் வெளிமுகவரியைச் சொல்ல வேண்டும்:

```
[transport-udp]
type=transport
protocol=udp
bind=0.0.0.0
local_net=10.0.0.0/8
external_signaling_address=203.0.113.10
external_media_address=203.0.113.10
```

வளாகத்துக்குள் இருப்பவரோடு உள்முகவரியிலும், வெளியிலிருப்பவரோடு வெளிமுகவரியிலும் பேசு என்பது இதன் கருத்து. கூடவே, சிப்புக்குரிய 5060-ஆம் போர்ட்டையும், `rtp.conf`-ல் குறித்திருக்கும் குரல் போர்ட்டுகளையும் (மாதிரிக் கோப்பில் 10000 முதல் 20000 வரை) சர்வருக்குத் திருப்பிவிடும்படி வளாக ரூட்டரில் அமைக்க வேண்டும். சிப்பை மட்டும் திறந்துவிட்டுக் குரலை மறந்துவிடுவோர் பலர். அவர்களுக்கு மணி அடிக்கும், பேச்சு வராது.

ரூட்டர்களிலேயே இந்நோய்க்கென்று ஒரு மருந்தை வைத்து விற்கிறார்கள். சிப் ஏ.எல்.ஜி. என்பது அதன் பெயர். நம் நாகரிகமான எழுத்தருக்குப் பதில், உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியையும் திருத்தும் எழுத்தரை இது அமர்த்துகிறது. எண்ணம் நல்லதே. ஆனால் திருத்தம் பாதியில் நின்றுவிடுவதும், சர்வர் ஏற்கெனவே சரிசெய்ததைக் குலைப்பதும் அடிக்கடி நிகழ்கின்றன. சர்வரில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வீட்டில் மட்டும் தொல்லை நீடித்தால், அந்த வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் SIP ALG என்று இருப்பதை அணைத்துப் பாருங்கள். அணைக்க இடமில்லாத ரூட்டர்களும் உண்டு. அங்கே சிப்பை டி.எல்.எஸ். மறைகுறியில், 5061-ஆம் போர்ட்டில் அனுப்பினால், பூட்டிய கடிதத்தை எழுத்தரால் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

சர்வரை மாற்ற அதிகாரமில்லாதவர்க்குத் தொலைபேசிப் பக்கத்திலேயே செய்யக்கூடியது ஸ்டன். "வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?" என்று வெளியிலுள்ள ஒரு சர்வரைக் கேட்டு, அது சொல்வதையே செயலி கடிதத்தில் எழுதிவிடும். எளிய வழிதான். ஆனால் சில ரூட்டர்கள் ஒவ்வொரு பெறுநருக்கும் வெவ்வேறு வில்லை கொடுக்கும். ஸ்டன் சர்வரிடம் பேசியபோது கிடைத்த எண் தொலைபேசிச் சர்வரிடம் செல்லாது; அதை எழுதினால் மீண்டும் ஒருவழிப் பேச்சே. கைப்பேசி நிறுவனங்களும் பல அகல்கற்றை நிறுவனங்களும் வீட்டு ரூட்டருக்கு மேல் தாமும் ஒரு நாட் வைப்பதால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. உங்கள் ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள ஒன்றில் தொடங்கினால், உங்களுக்கு மேலே மற்றொரு எழுத்தர் இருக்கிறார் என்று அறிக. 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அங்கே வீட்டு ரூட்டரில் போர்ட்டுகளைத் திருப்பிவிடுவதாலும் பயனில்லை. ஆயினும் குரல் வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பும் சர்வர் இருந்தால், இரண்டு நாட்டையும் கடந்து பேச்சு வந்துவிடும். ஸ்டனைவிட அதனையே நான் முதலில் கூறியது இதனால்தான்.

கடைசியாக, பல்கலைக்கழகங்களுக்கே உரிய ஒரு தடை. வளாகத் தீயரண் வலைப்பக்கங்களுக்குரிய போர்ட்டுகளைத் தவிர மற்றவற்றை மூடியிருந்தால், குரல் பொட்டலங்கள் புறப்படவே முடியாது. சர்வரில் `Got` வரி வராது. இங்கே மேற்சொன்ன எவையும் உதவா. டர்ன் என்னும் இடைநிலைச் சர்வர் ஒன்றை வெளியில் வைத்து, குரலை 443-ஆம் போர்ட்டில் டி.எல்.எஸ். உறைக்குள் அதற்கு அனுப்பலாம். அது குரலை உரிய இடத்துக்குக் கடத்திவிடும். செயலிக்கு டர்ன் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்தால் அது மீண்டும் வரும்வரை பின்னால் உள்ளவையெல்லாம் காத்திருப்பதால், நெரிசல் நேரத்தில் குரல் விட்டுவிட்டு வரும். கணினி மையத்தாரிடம் சர்வரின் ஒரே முகவரிக்கு மட்டும், குறிப்பிட்ட போர்ட்டுகளை மட்டும் திறந்துவிடுமாறு எழுதிக் கேட்டு அனுமதி பெற்றால், டர்ன் இல்லாமலே பேசலாம்.